நின்றிருந்த பேருந்துக்கு எப்படி வந்தது வேகம்?



இந்தப் பக்கத்தில் வழக்கமாக, இதழைப் புரட்டினால் என்னென்ன கிடைக்கும் என்று சொல்வேன். இந்த மாதம் அந்த வேலையை உள்ளடக்கப் பக்கத்துக்கே விட்டுவிட்டு, ஒரு குறிப்புக்கு இடம் தருகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர், நம் நெடுநாள் வாசகி, தேர்வுத்தாள்களைத் திருத்திய கையோடு தன் வகுப்புக்கு எழுதிய குறிப்பு இது. ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு விடைத்தாளோடும் பின் போட்டுக் கொடுத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை.

கேள்வி தொலைவு–காலம் வரைபடம் பற்றியது. பள்ளிக்கூடம் முடித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது வரைந்திருப்போம். கிடையாக நேரம், நெட்டாகத் தூரம். ஒரே நேர்கோடாக இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. கோடு நடுவில் ஒடிந்து, படுத்து, மறுபடி எழும்போதுதான் வகுப்பில் பாதி வழுக்கிவிடுகிறது. அப்படிச் சாய்வு மாறும் ஒரு கோட்டை எப்படி வாசிப்பது என்பதுதான் குறிப்பின் பொருள். கையில் ஒரு கிராஃப் தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும்.

தேர்வில் வந்த பேருந்து இதுதான். முதல் 6 நிமிடத்தில் 3 கிலோமீட்டர் ஓடுகிறது. பேருந்து நிலையத்துக்குள் போய் 4 நிமிடம் நிற்கிறது. பிறகு கடைத்தெரு: 8 நிமிடத்தில் 2 கிலோமீட்டர்தான் நகர்கிறது. கடைசியில் புறவழிச்சாலை: 6 நிமிடத்தில் 4 கிலோமீட்டர். ஆக 24 நிமிடத்தில் 9 கிலோமீட்டர், பள்ளி வாசல். புள்ளிகளை வைத்தால் (0, 0), (6, 3), (10, 3), (18, 5), (24, 9). சேர்த்தால் நான்கு துண்டுகள். இரண்டாவது துண்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கும்; கடைசித் துண்டுதான் எல்லாவற்றையும்விடச் செங்குத்து.

கேள்வி: 8-ஆவது நிமிடத்தில் பேருந்தின் வேகம் என்ன?

வகுப்பில் கணிசமான பேர் 22.5 என்று எழுதியிருந்தார்கள். அங்கிருந்து தொடங்குகிறது குறிப்பு:

“பிள்ளைகளே, 8-ஆவது நிமிடத்தில் பேருந்து நிலையத்தில் நிற்கிறது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். அதற்கு மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகம் எங்கிருந்து வந்தது? நீங்கள் செய்ததை நான் சொல்கிறேன். 8 நிமிடத்துக்கு நேர் மேலே பார்த்தீர்கள், கோடு 3 கிலோமீட்டரில் இருந்தது. 3-ஐ 8-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினீர்கள். கணக்கு சரி. ஆனால் அது 8-ஆவது நிமிடத்து வேகம் இல்லை. கிளம்பியதிலிருந்து அதுவரைக்குமான சராசரி.”

வேகம் என்றால் தூரம் வகுத்தல் நேரம் என்று ஏழாம் வகுப்பிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது. வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டியதும், அதன் தூரத்தை அதன் நேரத்தால் வகுக்கக் கை தானாகவே போகிறது. கோடு தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரே நேராகப் போனால் இந்த வழி சரியான விடையைத் தந்துவிடும். அதனால்தான் இது இத்தனை நாள் மாட்டாமல் ஓடியிருக்கிறது. கோடு ஒடிந்த கணமே வேலைக்கு ஆகாது. இதே பேருந்தில் 21-ஆவது நிமிடத்தைப் பாருங்கள். கோடு 7 கிலோமீட்டரில் இருக்கிறது. 7-ஐ 21-ஆல் வகுத்தால் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வரும். ஆனால் அந்த நேரத்தில் பேருந்து புறவழிச்சாலையில் 40-இல் பறந்துகொண்டிருக்கிறது. விடை சரிபாதி.

இன்னும் மோசம் கடைத்தெரு. 16-ஆவது நிமிடத்தில் கோடு 4.5 கிலோமீட்டரில் நிற்கும். வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 17 வரும். உண்மையான வேகம் 15. தவறான வழியில் போய்ச் சரியான விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பது. ஆசிரியை இதை ‘ஆபத்தான 17’ என்கிறார். 22.5-ஐப் பார்த்தால் நின்ற வண்டி எப்படி ஓடும் என்று யாராவது கேட்பார்கள். 17-ஐப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள்.

சரியான வழியை அவர் சொல்லும் விதம் எனக்குப் பிடித்தது:

“ஒரு நிமிடத்தைச் சொல்லி வேகம் கேட்டால், முதலில் அந்த நிமிடம் எந்தத் துண்டில் விழுகிறது என்று பாருங்கள். அந்தத் துண்டின் இரண்டு முனைகளிலும் விரல் வையுங்கள். மற்றத் துண்டுகளை மறந்துவிடுங்கள். இடது விரலிலிருந்து வலது விரலுக்குப் போக, பக்கவாட்டில் எத்தனை நிமிடம், மேலே எத்தனை கிலோமீட்டர்? மேலே ஏறியதைப் பக்கவாட்டில் நகர்ந்ததால் வகுத்தால் அதுதான் சாய்வு. சாய்வுதான் வேகம். விரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.”

கடைத்தெருத் துண்டில் விரல் வைத்தால், பக்கவாட்டில் 10-லிருந்து 18 வரை 8 நிமிடம். மேலே 3-லிருந்து 5 வரை 2 கிலோமீட்டர். நிமிடத்துக்குக் கால் கிலோமீட்டர், மணிக்கு 15. பேருந்து நிலையத் துண்டில் பக்கவாட்டில் 4 நிமிடம், மேலே ஒன்றுமில்லை. பூஜ்யத்தை நான்கால் வகுத்தால் பூஜ்யம். முதல் துண்டு மணிக்கு 30, கடைசித் துண்டு 40. வண்டியின் கதை முழுக்க இந்த நான்கு எண்களில் இருக்கிறது.

அடுத்த கேள்வி மொத்தப் பயணத்துக்கும் சராசரி வேகம் என்ன என்பது. சிலர் நான்கு வேகத்தையும் கூட்டி நான்கால் வகுத்து 21.25 என்றார்கள். நிற்பதெல்லாம் ஒரு வேகமா என்று பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு மூன்றால் வகுத்தவர்களுக்கு 28.3 கிடைத்தது. இரண்டும் தவறு. நான்கு துண்டும் சம நேரம் எடுக்கவில்லை. கடைத்தெருவில் 8 நிமிடம் கழிந்தது, புறவழிச்சாலையில் 6 நிமிடம்தான். நிறைய நேரம் ஓடிய வேகத்துக்கு நிறைய எடை உண்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால், 9 கிலோமீட்டர், 24 நிமிடம், மணிக்கு 22.5. வரைபடத்தில் இதைப் பார்க்க வேண்டுமானால் முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே ஸ்கேலை வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். அதன் சாய்வுதான் சராசரி.

அந்தக் கோட்டைப் போட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். அது நடுவில் பேருந்தின் கோட்டை ஒரே ஓர் இடத்தில் வெட்டுகிறது. மிகச் சரியாக 8-ஆவது நிமிடத்தில், 3 கிலோமீட்டரில். ஆசிரியை இந்த எண்களை வேண்டுமென்றேதான் அப்படி அமைத்திருக்கிறார். ஏனென்றால் குறிப்பின் அடுத்த பகுதியில் அந்த நேர்கோட்டின் மேல் ஓர் ஆட்டோவை ஏற்றிவிடுகிறார். பேருந்து கிளம்பும்போதே கிளம்பி, எங்கும் நிற்காமல், ஒரே சீராக மணிக்கு 22.5-இல் போகும் ஆட்டோ. 8-ஆவது நிமிடத்தில் இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்கின்றன. அந்த நேரத்தில் இரண்டு வண்டிக்கும் வேகம் சமமா?

வகுப்பில் கேட்டபோது ‘சமம்’ என்றுதான் பல குரல்கள் வந்தனவாம். ஒரு வண்டி நிற்கிறது, இன்னொன்று அதைத் தாண்டிப் போகிறது, எப்படிச் சமமாகும்? கோடுகள் சந்தித்தால் இரண்டும் அந்த நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று மட்டுமே பொருள். வேகம் சமமாக இருக்க வேண்டுமானால் கோடுகள் இணையாகப் போக வேண்டும், தொட்டுக்கொள்ளவே தேவையில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் குழப்பம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிரோபிரிட்ஜ், லில்லியன் மெக்டெர்மட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்து 1980-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வரைபடம்கூட இல்லை, கண்முன் உருளும் இரண்டு பந்துகள். ஒன்று சீராக ஓடும், மற்றது வேகம் குறைந்துகொண்டே போகும். இரண்டுக்கும் எப்போது ஒரே வேகம் என்று கேட்டார்கள். ஒன்றை ஒன்று தாண்டும் அந்த நொடியைக் காட்டியவர்கள் கணிசம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேகமும் ஒன்றுதான் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. வரைபடத்தில் அதே மனம் வெட்டும் புள்ளியைப் பிடித்துக்கொள்கிறது.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள் ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்கள். முன்பு பென்சிலும் ஸ்கேலுமாக வரைந்தார்கள், இப்போது கணினித் திரையில் வருகிறது. கிடையாக நேரம், நெட்டாக வரிசையாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு கோடு. எக்ஸ்பிரஸின் கோடு செங்குத்தாக இருக்கும், சரக்கு ரயிலின் கோடு சாய்ந்து கிடக்கும், ஸ்டேஷனில் நிற்கும் ரயிலின் கோடு படுத்திருக்கும். எதிர்த்திசையில் வரும் ரயிலின் கோடு மேலிருந்து கீழே இறங்கும். ஒற்றை வழிப் பாதையில் எதிரெதிர் ரயில்களின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு ஸ்டேஷனில்தான் விழ வேண்டும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் விழும்போலத் தெரிந்தால், ஒரு ரயிலை முன்கூட்டியே எங்காவது நிறுத்தி அதன் கோட்டைப் படுக்க வைக்கிறார்கள்.

கோடு இறங்குவது பற்றிச் சொன்னேன் அல்லவா, அதுவும் வகுப்பில் வந்திருக்கிறது. கோடு கீழே இறங்கினால் பேருந்து மலையிறங்குகிறது என்று ஒரு பையன் எழுதியிருக்கிறான். ஆசிரியை அவனைத் திட்டவில்லை. “படத்தைச் சாலையாகப் பார்க்காதே தம்பி, இதில் மேடுபள்ளம் கிடையாது” என்று ஓரத்தில் எழுதிவிட்டு, நெட்டு அச்சின் பெயரைப் படிக்கச் சொல்கிறார். ‘வீட்டிலிருந்து தூரம்’ என்று போட்டிருந்தால், கோடு இறங்குவது வீடு திரும்புவது. ‘கடந்த மொத்தத் தூரம்’ என்று போட்டிருந்தால் கோடு இறங்கவே முடியாது. வண்டி திரும்பி ஓடினாலும் கிலோமீட்டர் கூடிக்கொண்டுதான் போகும். அச்சைப் படிக்காமல் கோட்டைப் படிக்க முடியாது என்று அவர் எழுதியிருப்பது இதற்காகத்தான். அளவுத்திட்டமும் அப்படித்தான். நெட்டு அச்சில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பதற்குப் பதில் இரண்டு என்று எடுத்தால் அதே பேருந்தின் கோடு சோம்பேறியாகச் சாய்ந்துவிடும். ஒரே தாளில் இருக்கும் கோடுகளின் சாய்வைக் கண்ணால் ஒப்பிடலாம். இரண்டு தாளென்றால் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் குறிப்பு நீண்டது என்று நினைக்கிறேன். “மிஸ், 6-ஆவது நிமிடத்தில் மூலை இருக்கிறதே, அங்கே வேகம் 30-ஆ, பூஜ்யமா?” அருமையான கேள்வி. உண்மையில் எந்தப் பேருந்தும் 30-லிருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு வராது. பிரேக் போட்டு, பத்து விநாடிபோல எடுத்து நிற்கும். அந்தப் பத்து விநாடியில் கோடு மூலையாக ஒடியாமல் வளையும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்த தாளில் பத்து விநாடி ஒரு மில்லிமீட்டர்கூட வராது. வளைவு இருக்கிறது, பென்சில் கோட்டுக்குள் மறைந்திருக்கிறது.

வளைவைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை விட்டு மனிதனிடம் போக வேண்டும் என்று சொல்லி, அவர் 2009 ஆகஸ்ட் 16-க்குப் போகிறார். பெர்லினில் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய நாள். அந்த ஓட்டத்தை இருபது இருபது மீட்டராக அளந்து வைத்திருக்கிறார்கள். 20 மீட்டரை 2.89 விநாடியில் கடந்தார், 40-ஐ 4.64-இல், 60-ஐ 6.31-இல், 80-ஐ 7.92-இல். ஒரு விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர், பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வரைந்து பாருங்கள். முதல் துண்டு சாய்ந்திருக்கும், மற்ற நான்கும் ஸ்கேல் வைத்த மாதிரி ஒரே கோடாகத் தெரியும். 20 மீட்டருக்குப் பிறகு ஒரே வேகத்தில் ஓடினார் என்று எழுதத் தோன்றும்.

விரலை வைத்து ஒவ்வொரு துண்டாகக் கணக்கிட்டால் வேறு கதை வரும். முதல் 20 மீட்டரில் விநாடிக்கு 6.92 மீட்டர். அடுத்தது 11.43. அதற்கடுத்தது 11.98. 60-லிருந்து 80 வரை 12.42. கடைசி 20 மீட்டரில் 12.05. உலக சாதனை ஓட்டத்தின் கடைசி இருபது மீட்டரில் போல்ட்டின் வேகம் குறைந்திருக்கிறது. கோடு அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஏறும் விதம் மட்டும் ஒரு பொட்டு மட்டுப்பட்டிருக்கிறது. வேகம் குறைந்தால் கோடு இறங்கும் என்று எழுதியவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இரண்டாவது துண்டுக்கும் நான்காவது துண்டுக்கும் இடையே சாய்வில் உள்ள வித்தியாசத்தைப் பாகைமானி வைத்து அளந்தால் இரண்டரை டிகிரிகூடத் தேறாது. கண்ணுக்குப் பிடிபடாததைக் கணக்குப் பிடிக்கிறது.

முதல் துண்டு மட்டும் ஏன் இவ்வளவு சாய்ந்திருக்கிறது? நின்ற இடத்திலிருந்து கிளம்புவதால். துப்பாக்கி ஒலித்து அவர் காலை உந்தவே 0.146 விநாடி ஆகியிருக்கிறது. அந்த நேரம் கோடு தரையில் படுத்தே கிடக்கும். அதன் பிறகு மெல்ல நிமிர்ந்து வளைந்து ஏறும். 0-வையும் 20-ஐயும் ஸ்கேலால் சேர்த்தபோது இந்த வளைவை நாம் வெட்டிக் குறுக்குவழி போட்டுவிட்டோம். 6.92 என்பது அந்தக் குறுக்குவழியின் சாய்வு. அதற்குள் பூஜ்யமும் இருந்தது, பத்துக்கு மேலும் இருந்தது.

வளைந்த கோட்டில் ஒரு நொடியின் வேகம் வேண்டுமானால், அந்தப் புள்ளியில் வளைவைத் தொட்டபடி ஸ்கேலை வைத்துத் தொடுகோடு போட வேண்டும். அதன் சாய்வை எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை எடுக்காமல் கோட்டின் இரு ஓரத்தையும் எடுக்கச் சொல்கிறார் ஆசிரியை. தாளில் அரை மில்லிமீட்டர் பிசகு எல்லாருக்கும் வரும். பத்து சென்டிமீட்டர் முக்கோணத்தில் அது கரைந்துவிடும், ஒரு சென்டிமீட்டர் முக்கோணத்தில் விடையையே கெடுத்துவிடும்.

அப்படியானால் துண்டுகளை இன்னும் சின்னதாக, ஒவ்வொரு மீட்டராக அளந்துவிடலாமே என்று தோன்றும். போல்ட் உச்ச வேகத்தில் ஒரு மீட்டரைக் கடக்க 0.08 விநாடி போதும். நேரத்தை அளப்பதில் 0.01 விநாடி தவறினாலே எட்டில் ஒரு பங்கு பிசகு; 12.5 என்பது 14.3 என்று வந்து நிற்கும். அதே தவறு 20 மீட்டர் துண்டில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. துண்டு பெரிதானால் வேகம் மாறுவது மறைந்துவிடுகிறது, சிறிதானால் அளவைப் பிழை பெரிதாகத் தெரிகிறது. எந்த அளவில் வெட்டுவது என்பது கையில் இருக்கும் கடிகாரத்தைப் பொறுத்தது. பாடப்புத்தகம் இதைச் சொல்வதில்லை. சொல்லலாம் என்பது என் கருத்து.

குறிப்பின் கடைசியில் வீட்டுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதை உங்களுக்கும் வைக்கிறேன். பேருந்து அதே பேருந்து. ஆட்டோவும் அதே 22.5 வேகம்தான், ஆனால் இந்த முறை நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்புகிறது. அதன் கோடு எங்கிருந்து தொடங்கும்? பேருந்தின் கோட்டை எத்தனை முறை வெட்டும், ஒவ்வொரு முறையும் யார் யாரைத் தாண்டுகிறார்கள்? ஒருமுறை வெட்டுவதைக் கண்டதும் தாளை மடித்துவிடாதீர்கள், இரண்டாவது மிகவும் பக்கத்திலேயே இருக்கிறது. விடையை எண்ணாக மட்டும் அனுப்ப வேண்டாம், கிராஃப் தாளையும் சேர்த்து அனுப்புங்கள். வந்தவற்றில் தெளிவான ஒன்றை அடுத்த இதழில் அச்சிடுவோம். மூலையில் ஆசிரியையின் சிவப்பு மையும் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்